பதினோரு பக்க ஆஸ்பத்திரி பில்லை ஏழு வரியாக்குவது

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு, இடுப்பை ஒட்டி முறிந்துவிட்டது. 108-ல் சேலத்துக்கு இறக்கி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தோம். சர்க்கரையும் உண்டு. ஆபரேஷனுக்கு ‘ஒன்று முப்பது ஆகும்’ என்றார்கள். கடைசியில் 2,19,170 ரூபாய் பில். பதினோரு பக்கம், ஒன்றும் புரியவில்லை. ‘சர்க்கரையைக் காட்டியே பாதிப் பணத்தை வாங்கிட்டாங்க, மாத்திரைக்கே நாற்பத்தோராயிரமா’ என்று அப்பா புலம்புகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்து எதற்கு எவ்வளவு என்று பிரித்து அவருக்குச் சொல்ல முடியுமா? பேரை மறைத்து எல்லாப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

முடியும். நான் சேலத்தில் மருத்துவமனை பில்லிங்கில் இருந்து, அப்புறம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கும் வேலைக்குப் போனவன். உங்கள் பில்லைப் போன்றவை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்த கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்காக ஆனது 10,250 ரூபாய், மொத்தத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லை. ‘ஒன்று முப்பது’ என்று சொன்னதும் கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அது ஆபரேஷனுக்கு மட்டும் சொன்ன தொகை. மீதி எண்பத்தேழாயிரம் எங்கே போனது என்பதுதான் உங்கள் பில்லில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

தெரியாமல் போவதற்குக் காரணம், மருத்துவமனை பில் நோயாளிக்காக அடுக்கப்பட்டதல்ல. எந்தப் பிரிவுக்கு வருமானம், எந்தத் தேதியில் பதிவு என்ற இரண்டையும் வைத்துத்தான் மென்பொருள் அதை அடுக்குகிறது. அதனால் தியேட்டரில் முதுகுத்தண்டில் போட்ட மயக்க ஊசியும், வார்டில் கொடுத்த கேஸ் மாத்திரையும், அம்மா வாங்கிவரச் சொன்ன டயப்பரும் ‘பார்மசி’ என்ற ஒரே தலைப்பில் வந்துவிடும். அப்பா கேட்பதோ ‘எந்த உபாதைக்கு, எந்தச் சிகிச்சைக்கு’ என்று. அந்தக் காரணம் பில்லில் எங்கும் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆபரேஷன் நோட்ஸிலும் மருந்து சார்ட்டிலும்தான் இருக்கும். இந்த இரண்டு பக்கத்தையும் வரிக்கு வரி இணைப்பதுதான் வேலை.

முதலில் காகிதங்களைச் சரிபாருங்கள். நீங்கள் அனுப்பியதில் விரிவான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து சார்ட் மூன்றும் இருக்கின்றன. ஆபரேஷன் நோட்ஸும், உள்ளே வைத்த கருவியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமும், பயன்படுத்தாத மருந்தைத் திருப்பிக் கொடுத்ததற்கான பார்மசி ரிட்டர்ன் பில்களும் இல்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கூடவே பில்லிங் கவுண்டரில் ‘இந்த பில்லை எக்செல் கோப்பாகத் தர முடியுமா’ என்றும் கேளுங்கள். பெரும்பாலான மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. இல்லை என்றால் தட்டச்சு செய்துகொள்ள வேண்டியதுதான். உங்கள் பில்லுக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.

எக்செல்லில் ஏழு பத்தி போதும். A-யில் தேதி, B-யில் பில்லில் உள்ளபடியே பொருளின் பெயர், C-யில் எண்ணிக்கை, D-யில் ஒன்றின் விலை, E-யில் தொகை, F-யில் காரணம், G-யில் சான்று. F-ஐயும் G-ஐயும் இப்போது காலியாக விடுங்கள். முதலில் E பத்தியைக் கூட்டி, பில்லின் மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் மேலே போக வேண்டாம். பெரும்பாலும் ரிட்டர்ன் வரிகளைக் கழிக்காமல் கூட்டியிருப்பீர்கள், அல்லது ஒரு பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்தில் ‘முன்பக்கத் தொகை’ என்று இரண்டாம் தடவை ஏறியிருக்கும். முன்பணம் கட்டியதும் தள்ளுபடியும் செலவு வரிகள் அல்ல. அவற்றைக் கீழே தனியாக வைத்துவிடுங்கள்.

அப்புறம் சம்மரியைப் படித்து, இந்த பில்லுக்கு என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். அப்பாவின் சம்மரியில் நோய் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று இடது தொடை எலும்பின் இன்டர்ட்ரோகேன்டரிக் முறிவு, மற்றது டைப் 2 சர்க்கரை. நடந்ததைச் சொல்லும் பகுதியில் இன்னும் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் தகுதி பார்த்தார்கள். 12-ஆம் தேதி முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு பி.எஃப்.என். என்ற நெயிலை, அதாவது எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டை வைத்து எலும்பை நிறுத்தினார்கள். 13-ஆம் தேதி ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கியதால் ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினார்கள். ஆக, எலும்பு ஆபரேஷன், ஆபரேஷனுக்கு முந்தைய தகுதிப் பரிசோதனை, சர்க்கரை, இரத்தக் குறைவு, ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பு என்று ஐந்து காரணங்கள். ஆறாவதாகத் தங்கல் செலவு. ஏழாவது, ‘காரணம் தெரியவில்லை’. இந்த ஏழாவது குழு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் புரியாத ஒவ்வொரு வரியையும் ஏதாவது ஒரு நோயின் தலையில் கட்டிவிடுவோம்.

எந்த வரியை எங்கே போடுவது என்று தடுமாறினால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த நோய் மட்டும் இல்லாதிருந்தால் இந்த வரி வந்திருக்குமா? எக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 64 வயதில் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் போகிறவருக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் எக்கோ எடுத்திருப்பார்கள். அதனால் அது தகுதிப் பரிசோதனையில் சேரும். பொது மருத்துவர் ஆறு நாள் வந்து பார்த்ததற்கு 3,600 போட்டிருக்கிறார்கள். அவருடைய குறிப்பில் இன்சுலின் அளவைத் தவிர வேறு எதுவும் இல்லை. சர்க்கரை இல்லையென்றால் அவர் வந்திருக்கவே மாட்டார். அது சர்க்கரையில் சேரும்.

இதே கேள்வியைத் தங்கின நாட்களுக்கும் கேட்டுப் பார்த்தேன். ‘சர்க்கரை 312 இருந்ததால்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், அந்த நாளின் செலவும் சர்க்கரையால்தான்’ என்று அப்பா நினைக்கக்கூடும். ஆனால் சம்மரிப்படி 10-ஆம் தேதி இரவு 9.40-க்குச் சேர்த்து, 12-ஆம் தேதி காலை 10 மணிக்குத் தியேட்டருக்குள் போயிருக்கிறார். சுமார் 36 மணி நேரம். இடுப்பு முறிவுக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நல்லது என்பது பொதுவான நடைமுறை. பரிசோதனைகளுக்கும் தயாரிப்புக்கும் அந்த நேரம் எப்படியும் போயிருக்கும். அதனால் சர்க்கரைக் கணக்கில் ஒரு நாள்கூட ஏற்றவில்லை.

இனி பார்மசியின் 41,270. அப்பாவை மிரட்டிய எண் இதுதான். இதில் 15,900 தியேட்டருக்குள் போனது. மரத்துப்போகும் ஊசி, தையல் நூல், கிருமி நீக்கிய விரிப்புகள், கையுறைகள், கவுன்கள் எல்லாம் அதில் வருகின்றன. பார்மசி என்று போட்டிருந்தாலும் இது ஆபரேஷன் செலவு. வார்டு மருந்திலிருந்து இதைப் பிரிப்பதற்கு எளிய வழி, பார்மசி பில்லின் மேலே உள்ள இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் சீட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்ப்பது. உங்கள் பில்லில் 12-ஆம் தேதி மூன்று பார்மசி பில்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு தியேட்டர் இன்டென்ட். வார்டு மருந்தில் பெரிய தொகை ஆன்டிபயாட்டிக் ஊசி, 7,200. அடுத்தது காலில் இரத்தம் உறைந்துபோகாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி, 2,880. தொடை எலும்பு உடைந்து படுத்திருப்பவருக்கு இது வழக்கமாகப் போடுவதுதான். சர்க்கரைக்கென்று பார்மசியில் போனது 2,450 மட்டுமே. அதில் இன்சுலின், சிரிஞ்ச், ஸ்ட்ரிப் டப்பா மூன்றும் அடக்கம். நேரடியாக வாயில் போடும் மாத்திரை என்று பார்த்தால் இன்னும் குறைவு, அதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

F பத்தியை நிரப்பி முடித்ததும் ஒவ்வொரு குழுவின் தொகையையும் எடுக்க இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUMIF(F:F,"சர்க்கரை",E:E)
```

காரணத்தை எழுதும்போது எல்லா வரியிலும் ஒரே எழுத்துகளில் எழுதுங்கள். ஓரிடத்தில் ‘சர்க்கரை’, இன்னோரிடத்தில் ‘சுகர்’ என்று இருந்தால் இரண்டாவது கணக்கில் ஏறாது. குழுக்களின் கூட்டுத்தொகை மீண்டும் பில் மொத்தத்துக்குச் சமமாக வருகிறதா என்று பார்த்தால் அந்தத் தப்பு தெரிந்துவிடும். உங்கள் பில்லை நான் பிரித்ததில் வந்தது இது:

| காரணம் | ரூபாய் |
|---|---|
| எலும்பு ஆபரேஷன் (தியேட்டர், மருத்துவர்கள், நெயில், தியேட்டர் மருந்து, இடுப்பு எக்ஸ்ரே, ஆபரேஷன் இரவின் கண்காணிப்பு வார்டு) | 1,31,500 |
| ஆபரேஷனுக்கு முந்தைய தகுதிப் பரிசோதனை | 11,500 |
| சர்க்கரை | 10,250 |
| இரத்தக் குறைவு | 4,300 |
| ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பு | 27,970 |
| தங்கல் (அறை, நர்சிங், டியூட்டி டாக்டர், உணவு, இதர கட்டணங்கள்) | 31,600 |
| காரணம் தெரியவில்லை | 2,050 |
| மொத்தம் | 2,19,170 |

முதல் வரியைப் பாருங்கள். சேர்க்கும்போது சொன்ன ‘ஒன்று முப்பது’ இதுதான். கவுண்டரில் ‘ஆபரேஷனுக்கு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் காதில் ‘எல்லாம் சேர்த்து’ என்றுதான் விழும். அறை, வார்டு மருந்து, லேப் இதெல்லாம் உண்டா என்று அந்த நேரத்தில் கேட்பதற்கு யாருக்கும் மனம் ஓடாது. சொல்பவரும் தானாகச் சொல்வதில்லை. இந்த வழக்கம் எனக்குப் பிடித்ததே இல்லை.

அந்த முதல் குழுவுக்குள் 32,500 நெயிலுக்கு. பில்லில் அதை உறுப்பு உறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்: ஒரு நெயில், மேல் பக்கம் இரண்டு திருகு, கீழ் பக்கம் இரண்டு போல்ட், உச்சியில் ஒரு மூடி. இதைச் சரிபார்ப்பது சாதாரண ஆளுக்கும் முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணுங்கள். எலும்புக்குள் நீளமாக வெள்ளையாகத் தெரிவது நெயில். இடுப்பு மூட்டுப் பந்தை நோக்கிச் சாய்வாக ஏறுபவை மேல் திருகுகள். கீழே குறுக்காக இருப்பவை போல்ட்டுகள். கீழே ஒரே ஒரு போல்ட் போட்டு முடிப்பதும் உண்டு. பில்லில் இரண்டும் படத்தில் ஒன்றும் என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி. ஆபரேஷன் நோட்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் அளவும் லாட் எண்ணும் இருக்கும். விலை விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயற்கை முழங்கால் மூட்டுக்கும் இதய ஸ்டென்ட்டுக்கும் 2017-லிருந்து மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. முறிவுக்கு வைக்கும் இந்த நெயிலுக்கு அப்படி உச்சவிலை இல்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைத் தாண்டி வாங்கக் கூடாது. அதனால் அந்த நெயிலின் பில் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

இடுப்பு எக்ஸ்ரே ஒரே நாளில் இரண்டு தடவை 900 போட்டிருக்கிறார்களே, இரட்டைப் பதிவா என்று பில்லின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். இல்லை. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். சேர்த்த அன்றும் அப்படித்தான் இரண்டு இருக்கின்றன. எண்ணிக்கையைப் பார்த்ததும் தப்பு என்று முடிவுகட்டினால், கவுண்டரில் முதல் கேள்வியிலேயே நம் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

இரத்தக் குழுவில் 2,900 இரத்த வங்கிக் கட்டணம். இரத்தத்துக்கு விலை போடக் கூடாது. சேகரித்து, பரிசோதித்து, பிரித்து வைக்கும் செலவை மட்டும் வாங்கலாம். ஒரு யூனிட் சிவப்பணுவுக்குத் தனியார் இரத்த வங்கிகள் வாங்கக்கூடிய உச்சத்தொகையை தேசிய இரத்த ஏற்றக் கவுன்சில் 2022-இல் 1,550 ரூபாய் என்று வைத்தது. பொருத்தம் பார்ப்பதும் கூடுதல் பரிசோதனைகளும் தனி. உங்கள் பில்லில் 1,550-ஐயும் மற்றவற்றையும் பிரித்தே போட்டிருப்பதால் இதில் எனக்குக் கேள்வி இல்லை.

இப்போது G பத்திக்கு வருவோம். உண்மையான சரிபார்ப்பு இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது நடந்தது என்பதற்கு எந்தக் காகிதத்தில் சான்று இருக்கிறது என்று எழுதுகிறோம். லேப் வரிக்கு ரிப்போர்ட், ஊசிக்கு மருந்து சார்ட்டில் நர்ஸ் போட்ட கையெழுத்து, டாக்டர் விசிட்டுக்கு அன்றைய குறிப்பு. எல்லா வரிக்கும் இதைச் செய்தால் கண் பூத்துவிடும். தினமும் திரும்பத் திரும்ப வருகிற வரிகளுக்கும், ஐந்நூறுக்கு மேல் உள்ள வரிகளுக்கும் செய்தால் போதும். அப்படிப் பார்த்ததில் உங்கள் பில்லில் ஆறு இடங்களில் சான்று இடித்தது.

முதலாவது ஆன்டிபயாட்டிக் ஊசி. சார்ட்டில் 12 முதல் 16 வரை தினம் இரண்டு, ஆக மொத்தம் 10 தடவை போட்டிருக்கிறார்கள். பில்லில் 12 குப்பி. ஒன்று 600 என்றால் 1,200 அதிகம். என் ஊகம், 17-ஆம் தேதி காலை அன்றைய மருந்தை இன்டென்ட் போட்டு வாங்கியிருப்பார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்ப முடிவானதும் இரண்டு குப்பியும் வார்டிலேயே நின்றிருக்கும். அவை பார்மசிக்குத் திரும்பியிருந்தால் ரிட்டர்ன் வரி இருக்க வேண்டும். இல்லை. டிஸ்சார்ஜ் நாளில் இது எல்லா ஊரிலும் நடக்கிற விஷயம். கடைசி நாளின் பார்மசி வரிகளை மட்டும் பார்த்தாலே பாதி ரிட்டர்ன் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

இரண்டாவதும் மூன்றாவதும் சர்க்கரை அளவு பார்த்தது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பரிசோதனை பில்லில் 24 தடவை, ஒன்று 150 ரூபாய். சார்ட்டில் 21 அளவுகள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று தடவை, 450 ரூபாய். ஆனால் அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் 150 வாங்கிவிட்டு, பார்மசியில் ஸ்ட்ரிப் டப்பா ஒன்றுக்கு 600-உம் தனியாகப் போட்டிருக்கிறார்கள். 150 என்பது ஸ்ட்ரிப்பும் சேர்ந்த கட்டணம் என்றால் இது இரண்டு முறை வாங்கியது. ஸ்ட்ரிப் நம்முடையது என்றால் ஒரு குத்துக்கு 150 ஏன்? பில்லைத் துறைவாரியாகப் பார்க்கிறவரை இது கண்ணில் படாது, ஏனென்றால் ஒன்று லேபில் இருக்கிறது, மற்றது பார்மசியில். சர்க்கரை என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. காரணவாரியாகப் பிரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் இதுதான்.

நான்காவது அறை வாடகை. தினம் 2,400 வீதம் 10 முதல் 17 வரை எட்டு நாள். 12-ஆம் தேதி இரவு அப்பா கண்காணிப்பு வார்டில் இருந்தார், அதற்கு 4,500 தனி. அதே நாளுக்கு அறை வாடகையும் ஓடியிருக்கிறது. அன்று இரவு அம்மாவும் சாமான்களும் அந்த அறையிலேயே இருந்தால் அறையைப் பிடித்து வைத்திருந்ததாகக் கணக்கு, வாங்குவதில் தப்பில்லை. காலி செய்யச் சொல்லியிருந்தால் 2,400 திரும்ப வர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இரவு 9.40-க்குச் சேர்ந்தவருக்கு அன்றைய நாளை முழு நாளாக எண்ணலாமா என்பது அந்த மருத்துவமனையின் கட்டண அட்டையைப் பொறுத்தது. தேதிக் கணக்கு என்றால் எட்டு சரி. 24 மணி நேரக் கணக்கு என்றால் ஏழுதான் வரும். வரவேற்பறையிலோ சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்திலோ எது என்று போட்டிருப்பார்கள்.

கடைசி இரண்டும் ஏழாவது குழுவில் விழுந்தவை. சிறுநீர் கல்ச்சர் 1,200, நெபுலைசர் மருந்தும் மாஸ்க்கும் 850. சம்மரியில் காய்ச்சலும் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. இதனாலேயே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. சம்மரி என்பது சுருக்கம்தான், ஒரு இரவு லேசாக இருமியதையெல்லாம் அதில் எழுத மாட்டார்கள். கூட இருந்த அம்மாவைக் கேளுங்கள். மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மாதிரி ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கல்ச்சர் என்றால் ரிப்போர்ட் வந்திருக்கும், வர இரண்டு மூன்று நாள் ஆகும் பரிசோதனை அது. சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததால் சந்தேகத்துக்கு அனுப்பியிருக்கலாம். ரிப்போர்ட்டைக் கேளுங்கள், கிடைத்தால் அந்த வரியைப் பிந்தைய பராமரிப்புக்கு மாற்றிவிடலாம்.

ஆறையும் கூட்டினால் 6,700 ரூபாய். பில்லில் மூன்று சதவீதம். எல்லாமே நம் பக்கம் சரியென்று ஒத்துக்கொண்டாலும் இவ்வளவுதான் குறையும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஏமாத்திட்டாங்க’ என்று அவர் நினைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அதே சமயம் ஆறாயிரத்துச் சொச்சத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

இந்தப் பிரிப்பால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அறுவை மருத்துவருக்கு 39,000 நியாயமா, தியேட்டருக்கு 16,000 நியாயமா என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. செய்ததைத்தான் போட்டிருக்கிறார்களா, எதற்காகச் செய்தார்கள் என்பது மட்டும் தெரியும். விலையை ஒப்பிட வேண்டுமென்றால் ஊரில் வேறு இரண்டு இடங்களில் இதே ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று விசாரிப்பதைத் தவிர வழியில்லை.

மருத்துவமனைக்கு எழுதும்போது ஆறு கேள்விகளையும் ஒரே தாளில், ஒவ்வொன்றுக்கும் பில் பக்கம், தேதி, பில்லில் உள்ள எண்ணிக்கை, சார்ட்டில் உள்ள எண்ணிக்கை, வித்தியாசம் என்று எழுதுங்கள். ‘பக்கம் 7, ஆன்டிபயாட்டிக் ஊசி, பில்லில் 12, மருந்து சார்ட்டில் 10, இரண்டுக்கு ரிட்டர்ன் பதிவு இல்லை, சரிபார்த்துச் சொல்லவும்’ என்ற அளவில் இருந்தால் போதும். மோசடி, கொள்ளை போன்ற வார்த்தைகளைத் தொடவே வேண்டாம். பில்லிங் மேலாளரின் மேசைக்கு இப்படி ஒரு தாள் வந்தால் அவர் வார்டு நர்ஸுக்கும் பார்மசிக்கும் போன் போட்டுப் பேசி முடித்துவிடுவார். நானே அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். ‘பில் ரொம்ப அதிகம், குறைங்க’ என்று வருபவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சிறு தள்ளுபடி. ‘இந்த இரண்டு குப்பி எங்கே’ என்று வருபவருக்குத்தான் பில்லைத் திருத்தினோம். தாளின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வரவில்லையென்றால், மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்து பார்க்கிற மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அந்த நகலோடு மனு கொடுக்கலாம்.

அப்பாவுக்குக் காட்ட மேலே உள்ள ஏழு வரி அட்டவணையை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிடுங்கள். எக்செல் முழுவதையும் காட்டினால் திரும்பவும் பதினோரு பக்கம்தான். ஒவ்வொரு வரிக்கும் கீழே அவருக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றை எழுதுங்கள். ‘இரத்தக் குறைவு’ என்பதன் கீழ் ‘ஆபரேஷனுக்கு மறுநாள் பாட்டில் ஏற்றினார்களே, அது’ என்று. ‘சர்க்கரை’ என்பதன் கீழ் ‘விரலில் குத்தியது, வயிற்றில் போட்ட இன்சுலின், சாயங்காலம் வந்த டாக்டர்’ என்று. வயிற்றில் வேறொரு ஊசியும் போட்டிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார். இரத்தம் உறையாமல் இருக்கப் போட்டது தனி என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு இன்ஷூரன்ஸில் திரும்பக் கேட்பதாக இருந்தால், இதே எக்செல்லில் H என்று இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிசியில் கிடைக்காத பொருட்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் பட்டியல்களாக வெளியிட்டிருக்கிறது. டயப்பர், நடக்க உதவும் வாக்கர் போன்றவை முதல் பட்டியலில் வருகின்றன, அவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. அட்மிஷன் கிட், ஃபைல் கட்டணம் போன்றவை அறை வாடகைக்குள் அடக்கம் என்று இன்னொரு பட்டியல் சொல்கிறது. பதிவுக் கட்டணமும் ஸ்ட்ரிப்பும் சிறுநீர்ப் பையும் சிகிச்சைச் செலவுக்குள் அடக்கம் என்று வேறொன்று. அடக்கம் என்றால் மருத்துவமனை அவற்றைத் தனியாகப் போட்டிருக்கக் கூடாது என்று க்ளெய்ம் பார்ப்பவர் வாதிடுவார், தொகையை வெட்டுவார். உங்கள் தங்கல் குழுவில் டயப்பர் 1,350-உம் பதிவு, ஃபைல், கிட் எல்லாமாக 1,450-உம் இருக்கின்றன. அந்த வரிகளுக்கு எதிரே H-இல் ‘வராது’ என்று இப்போதே குறித்துவிட்டு, மீதித் தொகைக்கு எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை பில்லைத் திருத்திக் கொடுத்த பிறகு திருத்திய பில்லோடு க்ளெய்ம் போடுங்கள். பழைய பில்லைக் கொடுத்துவிட்டு நடுவில் மாற்றினால் ஃபைல் மாதக்கணக்கில் கிடக்கும்.